புவியியல் திறன் தேர்வு: படம் குறித்தலும் நிலவரைபட வாசிப்பும் (வினாத்தாள், வரைவாளர் தாள், திருத்தும் குறிப்பு)

நேரம்: 75 நிமிடம். மதிப்பெண்: 40.
தேவையானவை: 30 செ.மீ. அளவுகோல், பாகைமானி, 40 செ.மீ. நூல், கூரான பென்சில், அழிப்பான். கணிப்பான் கூடாது. எல்லாக் கணக்கும் கையால் முடியும்படியே எண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

மாணவர்களுக்கு

அளந்த நீளத்தைச் செ.மீ.யில் முதலில் எழுதுங்கள். அதன் பிறகு கணக்கைச் செய்யுங்கள். விடை தவறிப்போனாலும் வழிமுறை சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. அலகு எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்காது.

பகுதி அ: படம் (17)

படம் 1, சமவெளியில் ஓடும் ஓர் ஆற்றை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்டது. நீர் ஓடும் திசையை அம்பு காட்டுகிறது. ஆறு இடங்களில் க, ச, ட, த, ப, ம என்ற எழுத்துகள் உள்ளன.

1. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய பெயரைக் கீழுள்ள சொற்களிலிருந்து எடுத்து எழுதுக. மூன்று சொற்கள் மிஞ்சும். (6)

டெல்டா, உயர் அணை, குருட்டு ஆறு, மலை இடுக்கு, வளைவின் கழுத்து, வெள்ளச் சமவெளி, வண்டல் விசிறி, அரிக்கப்படும் வெளிக்கரை, உட்கரை மணல் திட்டு

2. வளைவின் கழுத்து மேலும் ஒடுங்கிய நிலையில் பெருவெள்ளம் வந்தால் என்ன நடக்கும்? நடக்கும் வரிசையில் மூன்று வாக்கியங்களில் எழுதுக. (3)

படம் 2, கடலோரம் நிற்கும் மலைத்தொடரின் குறுக்குவெட்டு. காற்றின் திசையை அம்பு காட்டுகிறது. மலையின் உயரம் 1,800 மீ. மேகத்தின் அடிமட்டம் 800 மீ. உயரத்தில் உள்ளது.

3. 1, 2, 3, 4 என்று எண்ணிட்ட இடங்களில் நடப்பதையோ அந்த இடத்தின் பெயரையோ எழுதுக. சொற்பட்டியல் இல்லை. (4)

4. கடல்மட்டத்தில் காற்றின் வெப்பநிலை 28° செ. மேகம் உருவாகும் வரை 1,000 மீட்டருக்கு 10° செ. குறைகிறது. மேகத்துக்குள் 1,000 மீட்டருக்கு 6° செ. குறைகிறது. உச்சியைத் தாண்டி இறங்கும்போது 1,000 மீட்டருக்கு 10° செ. கூடுகிறது. மேகத்தின் அடிமட்டத்திலும், உச்சியிலும், மறுபக்கக் கடல்மட்டத்திலும் வெப்பநிலை என்ன? மறுபக்கத்தில் காற்று கூடுதல் சூடாக இருப்பது ஏன்? (4)

பகுதி ஆ: நிலவரைபடம் (23)

அளவை 1:50,000. சமஉயரக் கோட்டு இடைவெளி 20 மீ. கட்டக் கோடுகள் 1 கி.மீ. இடைவெளியில் உள்ளன: கிழக்கு நோக்கி 20 முதல் 26 வரை, வடக்கு நோக்கி 40 முதல் 46 வரை.

5. அஞ்சலகத்தின் நான்கிலக்கக் குறியீட்டையும் ஆறிலக்கக் குறியீட்டையும் எழுதுக. 205407 என்ற இடத்தில் இருப்பது எது? (3)

6. (அ) மலையுச்சிக்கும் பாலத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு எவ்வளவு கி.மீ.? (ஆ) பாலத்திலிருந்து அணைக்குச் செல்லும் சாலையின் நீளம் எவ்வளவு கி.மீ.? (4)

7. மலையுச்சியில் நிற்பவருக்குப் பாலம் எத்தனை பாகைத் திசைக்கோணத்தில் தெரியும்? வரைபட வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கவும். (2)

8. ஆறு எந்தத் திசை நோக்கி ஓடுகிறது? வரைபடத்திலிருந்து ஒரு சான்று தருக. (2)

9. ஏரியின் பரப்பை 1 செ.மீ. கட்டங்களை எண்ணிக் கணக்கிடுக. முழுக் கட்டம் ஒன்று, பகுதிக் கட்டம் அரை. (3)

10. (அ) 210440 (அ புள்ளி) முதல் 250440 (ஆ புள்ளி) வரை குறுக்குவெட்டு வரைக. செங்குத்து அளவை 1 செ.மீ. = 50 மீ. (ஆ) செங்குத்து மிகைப்படுத்தல் எத்தனை மடங்கு? (இ) எந்தச் சரிவு செங்குத்தானது? சமஉயரக் கோடுகளைக் கொண்டே காரணம் சொல்க. (4+2+1)

11. மலையுச்சியிலிருந்து பாலம் வரையிலான சராசரிச் சரிவு வீதத்தை 1:? என்ற வடிவில் எழுதுக. (2)

வரைவாளருக்கு

படம் 1-இல் குறிகோட்டின் முனை எதைக் குறிக்கிறதோ அதைத் தொட வேண்டும். கரையைக் குறிக்கும் கோடு கரைக்கோட்டிலேயே முடிய வேண்டும். சமவெளிபோன்ற பரப்பைக் குறிக்கும் கோட்டின் முனையில் ஒரு கரும்புள்ளி வேண்டும். முனை கரைக்கும் நீருக்கும் நடுவே தொங்கினால், 'வெளிக்கரை' என்பவரும் 'ஆற்று வளைவு' என்பவரும் சரியாகிவிடுவார்கள். குறிகோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. விடைக்கான புள்ளிக்கோடுகள் எல்லாம் ஒரே நீளம் இருக்கட்டும். நீளத்தைப் பார்த்தே சொல்லை ஊகித்துவிடுகிறார்கள்.

படம் 2-இல் காற்று வலப்பக்கத்திலிருந்து வீசட்டும், கடலும் வலப்பக்கம் இருக்கட்டும். பாடநூல்களில் பெரும்பாலும் இடப்பக்கமிருந்தே வீசுவதால், படத்தை மனப்பாடம் செய்தவருக்கும் புரிந்துகொண்டவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும்.

நிலவரைபடச் சட்டம் 12 செ.மீ. × 12 செ.மீ. மலையுச்சி 235447, உயரம் 362 மீ. பாலம் 205407, அருகே உயரப் புள்ளி 112 மீ. அஞ்சலகம் 227413, சாலையோரமாக. அணை 243422, ஏரியின் மேற்கு விளிம்பில் நேர்கோடாக. சாலை ஆற்றின் வடகரையில் வளைந்து செல்லட்டும், பாலம் முதல் அணை வரை நூலால் அளந்தால் 9.4 செ.மீ. வர வேண்டும். ஏரி 3 முழுக் கட்டங்களையும் 6 பகுதிக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும். ஆற்றில் ஓட்ட அம்பு போட வேண்டாம், வினா 8 வீணாகிவிடும்.

அ–ஆ கோட்டைச் சமஉயரக் கோடுகள் வெட்ட வேண்டிய இடங்கள், அ புள்ளியிலிருந்து செ.மீ.யில்: 160 மீ. – 0.6, 180 – 1.0, 200 – 1.3, 220 – 1.6, 240 – 1.8, 260 – 2.0, 280 – 2.3; 300 – 2.7; பிறகு இறக்கத்தில் 300 – 4.5, 280 – 5.1, 260 – 5.8, 240 – 6.5, 220 – 7.3. கோட்டின் மொத்த நீளம் 8 செ.மீ. 100, 200, 300 மீ. கோடுகளைத் தடிப்பாக வரைந்து எண்ணிடுக.

அச்சடிக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை நீக்கிவிடுங்கள். வரைபடம் 94 விழுக்காடாகச் சுருங்கினால் 10 செ.மீ. இருக்க வேண்டிய தொலைவு 9.4 செ.மீ. ஆகும். மாணவர் சரியாக அளந்து 4.7 கி.மீ. என்று எழுதுவார், நாம் தவறு என்போம். நேர்க்கோட்டு அளவை வரைபடத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் அது பொய் சொல்லாது. 1:50,000 என்ற எழுத்துதான் பொய்யாகும். அதனால் இரண்டும் வரைபடத்தில் இருக்க வேண்டும். முதல் அச்சுப் பிரதியில் 5 கி.மீ. பட்டை சரியாக 10 செ.மீ. இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே மற்ற பிரதிகளை எடுங்கள்.

திருத்துவோருக்கு

வினா 1: க – அரிக்கப்படும் வெளிக்கரை, ச – உட்கரை மணல் திட்டு, ட – வளைவின் கழுத்து, த – குருட்டு ஆறு, ப – உயர் அணை, ம – வெள்ளச் சமவெளி. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். க-வும் ச-வும் இடம் மாறியிருந்தால் இரண்டுக்கும் பூஜ்யம்தான். வெளிக்கரையில் வேகம் கூடி அரிப்பு, உட்கரையில் வேகம் குறைந்து படிவு என்பதே இந்த வினாவின் உயிர்.

வினா 2: வெள்ளம் கழுத்தை வெட்டிக்கொண்டு நேராகப் பாயும், பழைய வளைவின் இரு வாயிலும் வண்டல் படிந்து அடைபடும், துண்டிக்கப்பட்ட வளைவு குருட்டு ஆறாகத் தேங்கும். 'குருட்டு ஆறு உருவாகும்' என்று மட்டும் எழுதியவருக்கு 1. குதிரைக் குளம்பு ஏரி என்ற பெயரும் சரியே.

வினா 3: ஈரக்காற்று மலைமீது ஏறுதல், நீராவி சுருங்கி மேகமாதல், காற்று மோதும் பக்கத்தில் மழை, மழை மறைவுப் பகுதி. இந்தக் கருத்தை எந்தச் சொல்லில் எழுதினாலும் ஏற்கவும்.

வினா 4: 20°, 14°, 32°. ஒவ்வொன்றுக்கும் 1. உச்சியை 10° என்று எழுதியவர் மேகத்துக்குள்ளும் 10° வீதத்தையே பயன்படுத்தியிருக்கிறார். அவர் மறுபக்கத்துக்கு 28° எழுதியிருந்தால் அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள், அவருடைய பிழை ஒன்றுதான். காரணம்: ஆவி சுருங்கும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டுக் காற்றில் சேர்கிறது. நீர் மழையாக விழுந்துவிட்டதால் இறங்கும்போது ஆவியாகி அந்த வெப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.

வினா 5: 2241, 227413, பாலம். ஆறிலக்கத்தில் மூன்றாம் எண்ணிலும் ஆறாம் எண்ணிலும் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஏற்கவும். 413227 என்று எழுதினால் வடக்கை முதலில் வாசித்திருக்கிறார், மதிப்பெண் இல்லை. நான்கிலக்கத்துக்கு 2341 வந்தால், அருகில் தெரியும் 23-ஆம் கோட்டைப் பிடித்திருக்கிறார். கட்டத்தின் பெயர் எப்போதும் அதன் இடக் கோடும் கீழ்க்கோடும்தான்.

வினா 6: (அ) 10 செ.மீ., 5 கி.மீ. (ஆ) 9.4 செ.மீ., 4.7 கி.மீ.; 4.6 முதல் 4.8 வரை ஏற்கவும். 4.1 வந்தால் நூலை விட்டு அளவுகோலை நேராக வைத்திருக்கிறார்.

வினா 7: 217°; 215° முதல் 219° வரை. 37° என்று எழுதுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் பாலத்தில் நின்று மலையைப் பார்த்திருக்கிறார்கள். அளவு துல்லியமாக இருப்பதால் 1 தரலாம்.

வினா 8: தென்மேற்கு. ஆற்றைக் கடக்கும் சமஉயரக் கோடுகளின் 'வி' வடிவ முனை ஆற்றின் மேற்பக்கத்தைக் காட்டுகிறது. கோட்டு எண்கள் தென்மேற்கில் குறைகின்றன. அணை ஏரியின் மேற்கு விளிம்பில் உள்ளது. இவற்றில் எது எழுதினாலும் சான்றுதான். 'வரைபடத்தில் கீழே போகிறது' என்பது சான்றல்ல.

வினா 9: 3 + 3 = 6 கட்டம்; ஒரு கட்டம் 0.5 × 0.5 = 0.25 ச.கி.மீ.; விடை 1.5 ச.கி.மீ. பலரும் 3 ச.கி.மீ. என்று முடிப்பார்கள். 1 செ.மீ. அரை கி.மீ. என்றால் 1 சதுர செ.மீ.யும் அரை ச.கி.மீ. என்று எண்ணுவதால் வரும் பிழை இது. எண்ணிக்கை சரியாக இருப்பதால் 1 கொடுக்கவும்.

வினா 10: இறக்கத்தின் ஐந்து வெட்டுப்புள்ளிகளும் ஏற்றத்தின் எட்டும் 1 மி.மீ.க்குள் சரியாக இருந்தால் 2. புள்ளிகளை வளைவாக இணைத்தால் 1. முகட்டை 300-க்கு மேல், 320-ஐத் தொடாமல் காட்டினால் 1. 300 மீட்டரில் தட்டையாக மூடியவர் அந்த ஒன்றை இழக்கிறார்: 2.7-க்கும் 4.5-க்கும் நடுவில் நிலம் 300-ஐவிட உயரம், ஆனால் அடுத்த கோடு வரவில்லை. மிகைப்படுத்தல்: கிடையாக 1 செ.மீ. = 500 மீ., செங்குத்தாக 50 மீ., எனவே 10 மடங்கு. 0.5 கி.மீ.யை மீட்டராக மாற்றாமல் 0.5 ÷ 50 செய்தவருக்கு முறைக்கு 1. மேற்குச் சரிவுதான் செங்குத்தானது. அங்கே கோடுகள் நெருக்கம்.

வினா 11: 362 – 112 = 250 மீ.; 5,000 மீ.; 1:20. வினா 6-இல் தவறான தொலைவு எடுத்து, இங்கே அதே தொலைவைக் கொண்டு சரியாக வகுத்திருந்தால் முழு மதிப்பெண். 5 கி.மீ.யை மீட்டராக மாற்றாமல் 250 ÷ 5 = 50 என்று எழுதியிருந்தால் 1 மட்டும்.