ஜப்பான் உணவுப் பொட்டலங்களின் சமையல் குறிப்பு: தமிழில்

ஓசூர்

அன்புள்ள பெரியம்மாவுக்கு வணக்கம்.

தம்பி ஜப்பானிலிருந்து கொண்டு வந்து பாலக்கோட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போன மூன்று பொட்டலங்களின் படங்களும் வந்து சேர்ந்தன. பொட்டலத்தில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் கீழே எழுதியிருக்கிறேன். நானாகச் சொல்லும் இடங்களில் "என் குறிப்பு" என்று தனியாகக் குறித்திருப்பதால், அவற்றைப் பொட்டலத்தின் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலாவது, சிவப்பு உறையில் உள்ள நூடுல்ஸ். ஒரு பொட்டலம் ஒருவருக்கு.

"பாத்திரத்தில் 500 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நூடுல்ஸைப் போட்டு, அவ்வப்போது பிரித்துவிட்டபடி 3 நிமிடம் வேக வைக்கவும். அடுப்பை அணைத்த பிறகு, உடன் உள்ள சூப் பொடியைச் சேர்த்து நன்றாகக் கலக்கவும். கிண்ணத்தில் ஊற்றி, உண்பதற்குச் சற்று முன்பு சிறிய உறையில் உள்ள எண்ணெயைச் சேர்க்கவும். கொதிக்கும் நீரால் சுட்டுக்கொள்ளாமல் கவனமாக இருக்கவும்."

என் குறிப்பு: நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் தண்ணீர் அளவின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு, முதல் இலக்கம் 5 என்றும் 6 என்றும் படிக்கும்படி இருந்தது. பக்கவாட்டில் எடுத்த இரண்டாவது படத்தில், சிறிய எழுத்தில் அதே அளவு மறுபடி அச்சாகியிருக்கிறது; அங்கே 500 என்பது தெளிவாக உள்ளது. நம் வீட்டில் களிக்கு வைக்கும் உலைநீரைக் கண்ணால் அளந்தே பழகியவர் நீங்கள். ஆனால் இங்கே அந்தத் தண்ணீரிலேயே பொடி கரைந்து சூப்பாகிறது. ஆகவே தண்ணீர் குறைந்தால் உப்புக் கரிக்கும், கூடினால் சப்பென்று ஆகும். வெந்த பிறகு நீரை வடிக்கவும் கூடாது, சுண்டவிடவும் கூடாது. வீட்டு டம்ளர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருப்பதால், அரை லிட்டர் பால் அளக்கும் படியையோ, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலையோ பயன்படுத்துங்கள். 3 நிமிடத்தை, தண்ணீர் கொதித்து நூடுல்ஸ் போட்ட நொடியிலிருந்து எண்ண வேண்டும்; அடுப்பில் பாத்திரம் வைத்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. நான் ஓசூரில் இதே வகை நூடுல்ஸைச் செய்தபோது சற்று விறைப்பாகவே இருந்தது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. பாலக்கோடு இவ்வளவு உயரமில்லை. அங்கே 3 நிமிடத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உட்பொருள் பட்டியலில் பன்றிக் கொழுப்பும் கோழிச் சாறும் இடம்பெற்றுள்ளன. புரட்டாசி சனிக்கிழமைகளில் இதைத் தொட வேண்டாம். உறையில் காய்கறிப் படம் மட்டுமே இருப்பதை நம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது, அட்டைப் பெட்டிக்குள் வெள்ளி நிற உறையில் உள்ள குழம்பு. 200 கிராம், ஒருவருக்கு. இதை வெந்நீரிலோ, மின்னலை அடுப்பு எனப்படும் மைக்ரோவேவிலோ, இரண்டு வழிகளில் சூடாக்கலாம் என்று போட்டிருக்கிறது.

"வெந்நீரில்: உறையைத் திறக்காமல் கொதிக்கும் நீரில் போட்டு 3 முதல் 5 நிமிடம் சூடாக்கவும். பாத்திரத்தை மூட வேண்டாம்.

மின்னலை அடுப்பில்: உள்ளிருப்பதை ஆழமான, வெப்பம் தாங்கும் கிண்ணத்திற்கு மாற்றி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறைத்தாள் போர்த்திச் சூடாக்கவும். 500 வாட்டில் 2 நிமிடம். 600 வாட்டில் 1 நிமிடம் 40 வினாடி. உறையோடு மின்னலை அடுப்பில் வைக்கக் கூடாது. சூடாக்கிய பின் குழம்பு தெறிக்கக்கூடும், கவனமாக இருக்கவும்."

என் குறிப்பு: "உறையோடு வைக்கக் கூடாது" என்ற வரி பொட்டலத்தில் சிவப்பு எழுத்தில் உள்ளது. உறைக்குள் அலுமினியப் படலம் இருப்பதால், அடுப்பில் தீப்பொறி பறக்கும். வாட் என்பது அடுப்பின் சக்தி. அதை நிமிடத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். படத்தில் 500 என்ற எண் நூடுல்ஸில் தண்ணீராகவும் இங்கே வாட்டாகவும் வருவதால், எண்ணுக்குப் பின்னால் "W" இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு மின்னலை அடுப்பின் பின்புற ஒட்டுத்தாளில் 800 வாட் என்று போட்டிருப்பதாகத் தம்பி சொன்னான். பொட்டலத்தில் 800 வாட்டுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. 500 வாட்டை 120 வினாடியாலும் 600 வாட்டை 100 வினாடியாலும் பெருக்கினால் இரண்டும் 60,000 என்றே வருவதால், 800 வாட்டுக்கு 75 வினாடி என்று கணக்குப் போடலாம்தான். ஆனால் அது என் கணக்கு. குழம்பு செய்தவர்கள் சோதித்துப் பார்த்துச் சொன்னதன்று. அடுத்த பொட்டலத்தில் இந்தக் கணக்கு பொருந்தவும் இல்லை. ஆகவே இதற்கு வெந்நீர் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பில் 5 நிமிடம் போதும், வாட் கேள்வியே எழாது. உறையை இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்து, விரலைச் சுட்டுக்கொள்ளாமல் ஓரத்தைக் கத்திரிக்கோலால் வெட்டுங்கள்.

மூன்றாவது, வெள்ளைத் தட்டில் அடைத்த சோறு. 200 கிராம்.

"மேல் மூடியைப் புள்ளிக்கோடு வரை பிரித்து, மின்னலை அடுப்பில் சூடாக்கவும். 500 வாட்டில் 2 நிமிடம். 600 வாட்டில் 1 நிமிடம் 30 வினாடி. வெந்நீரில் சூடாக்குவதானால், மூடியைப் பிரிக்காமல் தட்டோடு கொதிக்கும் நீரில் 15 நிமிடம் வைக்கவும்."

என் குறிப்பு: இரண்டு வழிகளுக்கும் மூடி நேர் எதிராக இருப்பதைக் கவனியுங்கள். மின்னலை அடுப்பில் புள்ளிக்கோடு வரை திறந்திருக்க வேண்டும். வெந்நீரில் அடைத்தபடியே இருக்க வேண்டும். சோறு ஏற்கெனவே வெந்தது என்பதால், தண்ணீர் சேர்க்கச் சொல்லும் வரி எங்கும் இல்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டால் 600 வாட்டுக்கு 1 நிமிடம் 40 வினாடி வர வேண்டும். பொட்டலத்தில் 1 நிமிடம் 30 வினாடிதான் உள்ளது. அதை நான் திருத்தவில்லை, அச்சிட்டபடியே எழுதியிருக்கிறேன்.

சோற்றையும் குழம்பையும் ஒரே வேளைக்கு எடுத்தால், ஒரே அகன்ற பாத்திரத்தில் முதலில் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு, 10 நிமிடம் கழித்துக் குழம்பு உறையையும் அதே நீரில் இறக்கலாம். இரண்டும் ஒன்றாகச் சூடாகிவிடும்.

தேதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜப்பானில் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள். நூடுல்ஸ் உறையில் 2026.03.15 என்று இருப்பது, 2026-ஆம் ஆண்டு மார்ச் 15 வரை சுவை மாறாமல் இருக்கும் என்பதைக் குறிக்கும். குழம்புப் பெட்டியின் அடிப்பக்கப் படம் எனக்கு வரவில்லை. தேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெளிச்சம் எதிரே படாமல் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அதை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகள்