குளிர்காலச் சரக்கு: மொத்த விலைப் பக்கம், குன்னூர்

கடைக்காரர்கள், எஸ்டேட், லாட்ஜ், ஹாஸ்டல்காரர்களுக்கான பக்கம் இது. சில்லறை விற்பனை இல்லை. விலை எல்லாம் ஒரு உருப்படிக்கு, ஜிஎஸ்டி தனி.

படம் பார்க்கும் முன்

எல்லாப் படமும் 800 × 800 சதுரம். ஒரே சாம்பல் நிறப் பலகையில், ஒரே விளக்கில் எடுத்தவை. கட்டத்தில் வரிசை கலையாமல் இருக்கத்தான் இப்படி. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு: குழந்தை சாக்ஸும் டபுள் கம்பளியும் திரையில் ஒரே அளவாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு படத்தின் கீழ் ஓரத்திலும் ஒரு அடி ஸ்கேல் வைத்திருக்கிறோம். படத்தை நம்பாதீர்கள், ஸ்கேலையும் கீழே உள்ள அளவையும் பாருங்கள். மெரூனும் அரக்கும் ஃபோனில் ஒன்றுபோலத்தான் இருக்கும்; சந்தேகம் என்றால் துண்டுத் துணி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் எண் ரகம்: 1 கம்பளி, 2 ஸ்வெட்டர், குல்லா, 3 விரிப்பு, 4 வெள்ளைத் துணி. ஆர்டரில் பெயர் வேண்டாம், எண்ணும் நிறமும் எண்ணிக்கையும் போதும். "104 நீலம் 20" என்றால் எங்கள் பையனுக்குப் புரியும். "அந்த பூப்போட்ட பெரிய கம்பளி" என்றால் புரியாது, பூப்போட்டது ஆறு இருக்கிறது.

கம்பளி

| எண் | சரக்கு | அளவு, எடை | கட்டு | விலை ரூ. |
|---|---|---|---|---|
| 101 | பானிபட் கம்பளி, சாம்பல் | 60 × 90 அங்குலம், 1.8 கிலோ | 20 | 310 |
| 102 | அதே ரகம், கட்டம் போட்டது | 60 × 90 அங்குலம், 1.8 கிலோ | 20 | 325 |
| 104 | மிங்க், சிங்கிள் | 150 × 220 செ.மீ., 2.2 கிலோ | 10 | 440 |
| 105 | மிங்க், டபுள் | 220 × 240 செ.மீ., 4 கிலோ | 6 | 860 |

101, 102 இரண்டும் பழைய உல்லன் துணியைப் பிரித்து நூற்ற நூலில் நெய்தவை. கொஞ்சம் குத்தும், மணமும் இருக்கும், வெயிலில் போட்டால் போகும். எஸ்டேட் ஆர்டர் பெரும்பாலும் இதற்குத்தான். மிங்க் என்பது முழுக்க பாலியஸ்டர். லாட்ஜுக்கு அதுவே நல்லது. வடகிழக்குப் பருவமழையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரியில் எதைக் காயப்போடுவது சொல்லுங்கள்? இது தண்ணீரை அதிகம் பிடிக்காது, சீக்கிரம் காயும்.

ஸ்வெட்டர், குல்லா

| எண் | சரக்கு | அளவு | செட் | விலை ரூ. |
|---|---|---|---|---|
| 201 | லூதியானா ஸ்வெட்டர், முழுக்கை, அக்ரிலிக் | 36 முதல் 42 வரை | 4 | 285 |
| 202 | ஸ்கூல் ஸ்வெட்டர், வி கழுத்து, நேவி ப்ளூ | 22 முதல் 34 வரை | 7 | 210 |
| 205 | மங்கி குல்லா | பெரியவர் | 12 | 48 |
| 206 | மஃப்ளர் | 60 அங்குல நீளம் | 12 | 75 |

செட்டை உடைத்துத் தர முடியாது, 38 மட்டும் பத்து என்று கேட்காதீர்கள். 202 ஜூன் பள்ளி திறப்புக்கு. ஏப்ரலிலேயே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும்.

இன்னொன்று. அக்ரிலிக்கை 'சுத்தக் கம்பளி' என்று சீசன் கூட்டத்திடம் விற்கும் கடைகள் உண்டு. எங்கள் லேபிளில் அக்ரிலிக் என்றே இருக்கும், கிழித்துவிட்டு விற்காதீர்கள். ஒரு நூலைக் கொளுத்தினாலே தெரிந்துவிடும்: ஆட்டுக் கம்பளி முடி கருகும் வாடை அடித்துப் பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டி உருண்டையாகும்.

விரிப்பு

301, சென்னிமலை பெட்ஷீட், சிங்கிள், 60 × 90 அங்குலம், ரூ. 190. 302, டபுள், 90 × 100 அங்குலம், ரூ. 370. இரண்டும் 10 கொண்ட கட்டு. 305, பவானி ஜமக்காளம், 4 × 7 அடி, ரூ. 520, கட்டு 5. ஜமக்காளம் 1985 சட்டப்படி கைத்தறிக்கு ஒதுக்கிய ரகம்; விசைத்தறிச் சரக்கை நாங்கள் எடுப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றிலும் கோட்டின் அகலம் சற்று முன்பின் இருக்கும், அதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வெள்ளைத் துணி

401 ஈரோடு வேட்டி, 4 முழம், ரூ. 165. 402, 8 முழம், ரூ. 310. 403 வெள்ளைத் துண்டு, ரூ. 60. ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு ஊர் ஊராக மொத்தமாகக் கேட்பார்கள். டிசம்பர் பிறந்ததும் 401 தட்டுப்பாடுதான்.

தோடர் பூத்தையல் சால்வை இந்தப் பட்டியலில் இல்லை. நூலை எண்ணி எண்ணிக் கையால் தைக்கும் வேலை, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதைக் கட்டு கட்டாகத் தருவது நடக்காது. சிவப்பு, கறுப்பு மெஷின் பார்டர் போட்ட சால்வையை அந்தப் பெயரில் நாங்கள் விற்பதும் இல்லை.

ஆர்டர், டெலிவரி

குறைந்தது ரூ. 10,000. பில்லில் உள்ள வாட்ஸ்அப் எண்ணுக்கு மாலை 5 மணிக்குள் அனுப்பினால் குன்னூர், ஊட்டி, கோத்தகிரிக்கு மறுநாள் வண்டி. கூடலூர், பந்தலூருக்கு செவ்வாய், வெள்ளி. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் எல்லாம் ஒரு நாள் தள்ளும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் சாக்குக் கட்டாகத்தான் வரும். மழை நாளில் உங்கள் கடை வாசலில் பிரித்துப் பார்த்து, ஈரம் இருந்தால் டிரைவரிடமே அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இறக்கி வைத்த பிறகு ஈரத்துக்கு மாற்று இல்லை.