வேதியியல் பயிற்சி 4: தர்ஷினியின் விடைகளைப் பற்றி

அன்புள்ள தர்ஷினி,

வெள்ளிக்கிழமை இரவு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைத் திருத்திவிட்டேன். 30-க்கு 16 புள்ளிகள். இதைப் பார்த்துவிட்டு வேதியியல் எனக்கு வராது என்று முடிவு கட்டிவிடாதே. போன 14 புள்ளிகளில் பாடம் தெரியாமல் போனது மிகக் கொஞ்சம். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி.

முதலில் படம். செம்பு சல்பேட்டுக் கரைசலின் மின்னாற்பகுப்பைப் பற்றிய இரண்டாம் கேள்வியின் பக்கத்தைச் சாய்வாகப் பிடித்து எடுத்திருக்கிறாய். வலது ஓரம் வெட்டுப்பட்டு இரண்டு அரைச் சமன்பாடுகளும் பாதியில் நிற்கின்றன. கேத்தோடுக்கு `Cu²⁺ + 2` என்பதோடு சரி, மீதி இல்லை. நீ சரியாகத்தான் எழுதியிருப்பாய், ஆனால் கண்ணில் படாததற்கு நான் எப்படிப் புள்ளி போடுவது? 4 புள்ளிகள் இங்கே போயின. அதே பக்கத்தை, ஒரு எழுத்துகூட மாற்றாமல், மறுபடியும் படம் எடுத்து அனுப்பு. சரியாக இருந்தால் நான்கையும் முழுதாகத் தருகிறேன்.

பகலில் ஜன்னல் ஓரமாகத் தாளைத் தட்டையாக வைத்து, கைப்பேசியை நேர் மேலே பிடித்து எடு. நான்கு மூலைகளும் படத்துக்குள் இருக்க வேண்டும். பென்சில் வேண்டாம், கறுப்புப் பேனா போதும். அனுப்புவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி, `2+` போன்ற சின்னக் குறிகள் தெரிகின்றனவா என்று நீயே ஒரு தடவை பார்த்துவிடு.

முதல் கேள்வியில் கணக்கு சரி. 2.4 கிராம் மக்னீசியம் 0.1 மோல், அறை நிலையில் ஹைட்ரஜன் 2.4. ஆனால் 2.4 என்ன? `dm³` எழுதவில்லை, ஒரு புள்ளி போனது. சமன்பாட்டில் `HCl`-க்கு முன்னால் 2 போட மறந்ததற்கு இன்னொன்று. `Mg + 2HCl → MgCl₂ + H₂` என்று இருக்க வேண்டும்.

இனி இரண்டாம் கேள்வியின் அட்டவணை. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது இங்கேதான், ஏனென்றால் கடினமான பகுதியை நீ அழகாக எழுதியிருக்கிறாய். ஆனோடில் `SO₄²⁻` இருக்க `OH⁻` ஏன் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதற்கு `E°` மதிப்பை வைத்து நீ சொன்ன காரணத்துக்கு முழுப் புள்ளி. அப்புறம் உற்றறிதல் கேட்ட கட்டத்தில் "செம்பு உருவாகிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது, `Cu²⁺` செறிவு குறைகிறது" என்று எழுதிவிட்டாய். மூன்றுமே உண்மை, ஆனால் மூன்றுமே ஊகித்தல். செம்பு என்று கண் சொல்லாது. கேத்தோடான கார்பன் மின்வாயில் பழுப்பு நிறத் திண்மம் படிகிறது, இதைத்தான் கண் பார்க்கும். ஆனோடில் நிறமற்ற வாயுக் குமிழிகள் வருகின்றன. கரைசலின் நீல நிறம் மங்குகிறது. எஸ்பிஎம் இரண்டாம் தாளில் இந்த வித்தியாசத்தை விட மாட்டார்கள். நிறம், குமிழி, வீழ்படிவு, வெப்பநிலை, மணம் என்று புலன்களுக்கோ கருவிக்கோ எட்டுவதை மட்டும் அந்தக் கட்டத்தில் எழுது.

மூன்றாம் கேள்வியில் 5 புள்ளிகள் போயின. சுண்ணாம்புத் தூள் கட்டியைவிட ஏன் வேகமாக வினைபுரிகிறது என்பதற்கு "மோதல் அதிகம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். இந்த விடைக்கு ஒரு வரிசை உண்டு. துகள் சிறியது, அதனால் மொத்தப் பரப்பளவு அதிகம். அதனால் கால்சியம் கார்பனேட்டுக்கும் `H⁺` அயனிகளுக்கும் இடையே மோதல் நிகழும் வேகம், அதாவது ஒரு வினாடிக்கு எத்தனை மோதல் என்பது, கூடுகிறது. அதனால் பயனுள்ள மோதலின் வேகமும் கூடுகிறது. கடைசியாக வினைவேகம். எந்தத் துகள்கள் மோதுகின்றன என்று பெயர் சொல்லாமல் விடாதே. நீ மலாயில் எழுதுவதால் "ஃபிரெக்குவென்சி", "பெர்கெசான்" இரண்டு சொற்களும் விடையில் இருக்கின்றனவா என்று தேடிப் பார். வரைபடத்தில் கோடுகள் நன்றாக வந்திருக்கின்றன, அச்சுகளில் அலகு இல்லாததால் 2 புள்ளிகள் போயின.

படத்தைத் தவிர்த்த மற்ற 10 புள்ளிகளுக்கு, தவறிய பகுதிகளை மட்டும் திருத்தி எழுதி அனுப்பு. சரியாக இருந்தால் பாதி தருவேன். அப்படிப் பார்த்தால் 25 வரைக்கும் போகலாம். என் வரிகளை அப்படியே பார்த்து எழுதாதே அம்மா, தாளை மூடி வைத்துவிட்டு உன் சொற்களில் எழுது.

செவ்வாய் இரவு 9 மணிக்குள் வரட்டும். அரைச் சமன்பாட்டில் சந்தேகம் இருந்தால் புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வகுப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே வா, சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

உன் வேதியியல் ஆசிரியை