கரம் போட்டும் பால்மா டின்னும்
(ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்கு, விடுமுறையில் வாசிக்க)

பிள்ளைகள், போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். "ஒரு செவ்வகத்தின் நீளம் 8 செ.மீ, அகலம் 4 செ.மீ. சுற்றளவு என்ன?" பாதிப் பேர் 32 என்று எழுதியிருந்தீர்கள். பெருக்கல் எல்லாருக்கும் சரி. ஆனால் நான் கேட்டது சுற்றளவு, நீங்கள் தந்தது பரப்பளவு. கடையில் சீனி கேட்டவருக்கு உப்பைச் சரியாக நிறுத்துக் கொடுத்த மாதிரி.

ஆகவே இந்தத் தாளில் கணக்குகள் குறைவு, சொற்கள்தான் அதிகம். பக்கத்தில் ஒரு நூல், ஒரு அடிமட்டம், ஒரு பால்மா டின் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சுற்றளவு, பரப்பளவு

சுற்றளவு என்பதை இரண்டாக உடைத்துப் பாருங்கள்: சுற்று, அளவு. சுற்றி வந்தால் எவ்வளவு தூரம்? அவ்வளவுதான். வீட்டில் கரம் போட் இருந்தால் அதன் ஓரத்தில் ஒரு எறும்பை நினைத்துக்கொள்ளுங்கள். காய்கள் ஓடும் சதுரத்தின் ஒரு பக்கம் பெரிய போட்டில் ஏறத்தாழ 74 செ.மீ. எறும்பு ஒரு மூலையில் புறப்பட்டு, ஓரத்தாலேயே நடந்து, அதே மூலைக்குத் திரும்புகிறது. 74 + 74 + 74 + 74 = 296 செ.மீ. இதுதான் சுற்றளவு.

பரப்பளவு வேறு. அந்தப் போட் முழுவதும் போரிக் பவுடர் தூவுகிறீர்கள். பவுடர் மூடிய இடம் எவ்வளவு? அதை வெறும் சென்ரிமீற்றரால் அளக்க முடியாது. ஒரு செ.மீ நீளம், ஒரு செ.மீ அகலம் உள்ள குட்டிச் சதுரங்களாக எண்ண வேண்டும். அதனால்தான் விடையில் "சதுர செ.மீ" என்று எழுதச் சொல்கிறேன். அதை விட்டுவிட்டால் நான் புள்ளி குறைப்பது கோபத்தில் இல்லை.

பெரியவர்கள் காணி பற்றிப் பேசும்போது கொஞ்சம் காது கொடுங்கள். கொழும்பில் "ஆறு பேர்ச் காணி" என்பார்கள். யாழ்ப்பாணத்து அம்மம்மா "இரண்டு பரப்புக் காணி" என்பார். பேர்ச்சும் பரப்பும் நிலம் எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்று சொல்பவை, அதாவது பரப்பளவு. ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். அதே காணிக்கு வேலி அடைக்க எவ்வளவு கம்பி வேண்டும் என்று கேட்டால் அது சுற்றளவு.

சரி, இப்போது நூலை எடுங்கள். 24 செ.மீ வெட்டி இரண்டு முனையையும் சேர்த்துவிடுங்கள். அதை 6 செ.மீ பக்கமுள்ள சதுரமாக வைத்தால் உள்ளே 36 குட்டிச் சதுரங்கள். 8 செ.மீ, 4 செ.மீ செவ்வகமாக இழுத்தால் 32. 11 செ.மீ, 1 செ.மீ என்று ஒல்லியாக இழுத்தால் வெறும் 11! நூல் அதேதான், சுற்றளவு மாறவே இல்லை. பரப்பளவு மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. இதை ஒருமுறை கையால் செய்து பார்த்த பிள்ளை இரண்டையும் பிறகு மாற்றி எழுதியதை நான் கண்டதில்லை.

ஈவு

இந்தச் சொல்லைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் இது அழகான சொல். ஈதல் என்றால் கொடுத்தல். "ஈவிரக்கம் இல்லாதவன்" என்று திட்டுவார்களே, அதிலும் இதே ஈவுதான் இருக்கிறது. வகுத்தலில் ஈவு என்றால் ஒவ்வொருவர் கைக்கும் கொடுபடுவது.

அப்பா புறக்கோட்டையில் இருந்து மல்வானை றம்புட்டான் கொண்டு வருகிறார். எண்ணினால் 38. வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று சுற்றிச் சுற்றிக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் 7 கிடைக்கும். அதுதான் ஈவு. தட்டில் 3 மிஞ்சும். அது மீதி. பங்கு போட வந்த 38 வகுபடும் எண். எத்தனை பேருக்கு என்று சொல்லும் 5 வகுக்கும் எண்.

மீதி எப்போதும் வகுக்கும் எண்ணை விடச் சின்னதாக இருக்க வேண்டும். தட்டில் 6 மிஞ்சினால் ஐந்து பேருக்கும் இன்னுமொன்று கொடுக்கலாமே! கொடுக்காமல் நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். விடை சரியா என்று பார்க்க, கொடுத்ததை எல்லாம் திரும்ப வாங்கித் தட்டில் போடுங்கள்: 5 × 7 = 35, அதோடு 3, மொத்தம் 38. சரி.

ஆனால் ஒரு இடத்தில் ஈவு உங்களை ஏமாற்றும். நாங்கள் 41 பேர் தெஹிவளை மிருகக்காட்சிச் சாலைக்குப் போகிறோம். ஒரு வானில் 12 பேர் இருக்கலாம். எத்தனை வான் வேண்டும்? 41 ÷ 12, ஈவு 3, மீதி 5. "விடை 3" என்று எழுதினால் ஐந்து பிள்ளைகள் வெள்ளவத்தைச் சந்தியிலேயே நிற்பார்கள். விடை 4 வான்கள். ஈவைக் கண்டுபிடித்த பிறகு கேள்வியை இன்னொரு முறை வாசியுங்கள். மீதியை என்ன செய்வது என்று எண்கள் சொல்லாது, கேள்விதான் சொல்லும்.

விகிதம்

இது மேல் வகுப்புகளில் பெரிதாக வரும். இப்போதைக்குக் கொஞ்சம் தெரிந்தால் போதும். ஒன்றுக்கு எத்தனை என்ற ஒப்பீடுதான் விகிதம். பக்கத்து வளவில் வீடு கட்டுகிறார்கள் என்றால் கொங்கிறீற் கலவைக்குச் சாமான் அளப்பதைத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பெட்டி சீமெந்து, இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி சல்லி போடுவது வழக்கமான ஒரு கலவை. அதை 1 : 2 : 4 என்று எழுதுவோம். பெட்டி சின்னதோ பெரிதோ, பரவாயில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டியால் அளந்தால் போதும்.

எங்கள் தேசியக் கொடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் விகிதம் 1 : 2. மேசையில் வைக்கும் குட்டிக் கொடி என்றாலும், காலிமுகத்திடலில் பறக்கும் பெரிய கொடி என்றாலும் அதேதான். 60 செ.மீ அகலம் என்றால் 120 செ.மீ நீளம். எதை முதலில் சொன்னோமோ அதன் எண் முதலில் வர வேண்டும். மாற்றி 2 : 1 என்று எழுதினால் கொடி நெடுக நிற்கும்.

பிள்ளைகள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. ஒரு கப் கோடியலுக்கு நான்கு கப் தண்ணீர் என்று வையுங்கள். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், இரண்டு கப் கோடியல் ஊற்றியாயிற்று. தண்ணீர் எவ்வளவு? "ஒன்று கூட்டினேன், அங்கேயும் ஒன்று கூட்டுவேன், 5" என்றால் குடிக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவு தித்திப்பு. 8 கப் ஊற்ற வேண்டும். விகிதம் கூட்டினால் கெட்டுவிடும், பெருக்கினால் கெடாது.

இன்னொன்று, அலகு. 20 சென்ரிமீற்றருக்கும் 1 மீற்றருக்கும் விகிதம் 20 : 1 இல்லை. மீற்றரை 100 செ.மீ ஆக்குங்கள். 20 : 100, சுருக்கினால் 1 : 5.

ஆரை, விட்டம், பரிதி

மாட்டு வண்டிச் சக்கரம் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நடுக்குடத்தில் இருந்து விளிம்புக்குப் போகும் கட்டைகளுக்கு ஆரக்கால் என்று பெயர். வட்டத்தின் ஆரையும் அந்த உறவுதான்: மையத்தில் இருந்து விளிம்பு வரை உள்ள தூரம். ஒரு ஆரக்கால் கட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் இருந்தால் வண்டி என்ன பாடுபடும்! எல்லா ஆரைகளும் ஒரே நீளம் என்பதால்தான் வட்டம் வட்டமாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் புத்தகம் கையில் கிடைத்தால் அங்கே இதை ஆரம் என்று எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

விட்டமும் வீட்டுச் சொல்தான். ஓட்டு வீட்டில் ஒரு சுவரில் இருந்து எதிர்ச் சுவருக்குக் குறுக்கே போகும் மரம் விட்டம். வட்டத்தின் ஒரு பக்கத்தில் இருந்து மையத்தின் ஊடாக மறுபக்கம் போனால் அது வட்டத்தின் விட்டம். இரண்டு ஆரைகளை நேராக ஒட்டி வைத்தால் ஒரு விட்டம். 6 செ.மீ விட்டமுள்ள வட்டம் கீறச் சொன்னால் கவராயத்தை 6 செ.மீ விரிக்கக் கூடாது. கவராயம் காட்டுவது ஆரை, அதை 3 செ.மீ தான் விரிக்க வேண்டும்.

வட்டத்தின் சுற்றளவுக்குத் தனிப் பெயர் பரிதி. பால்மா டின்னை எடுங்கள். நூலை அதைச் சுற்றி ஒருமுறை இறுக்கமாகச் சுற்றி, சந்திக்கும் இடத்தில் வெட்டுங்கள். (ரப்பர் நூல் வேண்டாம், இழுத்தால் நீளும்.) இனி அந்த நூலை டின்னின் வாய்க்குக் குறுக்கே, நடுவால் பிடித்து அளவுங்கள். ஒரு விட்டம், இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். தேநீர்க் கோப்பையில் செய்யுங்கள், வாளியில் செய்யுங்கள், மூன்று விட்டமும் ஒரு துண்டும்தான் வரும். அந்தத் துண்டு விட்டத்தில் ஏழில் ஒரு பங்கு அளவு. அதனால் 7 செ.மீ விட்டமுள்ள வட்டத்தின் பரிதி ஏறத்தாழ 22 செ.மீ. சரியாக ஏழில் ஒன்று இல்லை, மயிரிழை குறைவு. 2200 ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் என்ற கிரேக்கர் 96 பக்கமுள்ள உருவங்களை வைத்து இதைக் காட்டிவிட்டார். உங்களுக்கு நூல் போதும்.

விடுமுறைக்கு ஒரு வேலை

ஒருநாள் கிரிக்கெட் பார்க்கும்போது மைதானத்தின் உள்ளே ஒரு கோடு தெரியும். வர்ணனையாளர்கள் அதை முப்பது யார் வட்டம் என்பார்கள். (யார் என்பது அளவு, ஏறத்தாழ 91 செ.மீ. யார் என்று என்னைத் திருப்பிக் கேட்காதீர்கள்.) உண்மையில் அது வட்டமே இல்லை. இரண்டு பக்க நடு விக்கெட் கம்புகளும் 22 யார் தூரத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் மையமாக வைத்து 30 யார் ஆரையில் ஒரு அரைவட்டம் கீறி, இரண்டையும் பிட்சுக்குச் சமாந்தரமான நேர்கோடுகளால் இணைக்கிறார்கள்.

கொப்பியில் 10 யாருக்கு 1 செ.மீ என்று வைத்துக் கீறுங்கள். 2.2 செ.மீ தூரத்தில் இரண்டு புள்ளிகள், கவராயத்தில் 3 செ.மீ. குறுக்கே அளந்தால் 6 செ.மீ, நெடுக அளந்தால் 8.2 செ.மீ. வட்டம் என்றால் இரண்டும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்! பிறகு கோட்டின் மேல் நூலை வைத்துச் சுற்றளவை அளவுங்கள். 23 செ.மீற்றருக்குக் கொஞ்சம் கூட வந்தால் சரி. 30 வந்தால் நூலை நீட்டி வைத்திருக்கிறீர்கள், திரும்பச் செய்யுங்கள். கொப்பியோடு நூலையும் ஒட்டிக்கொண்டு வாருங்கள், முதல் சனிக்கிழமை பார்ப்போம்.