தற்கொலை அபாய மதிப்பீடு: 16 வயது, பிளஸ் ஒன் மாணவி

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசினேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டில் சொல்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். "தோணுது டாக்டர், ஆனா எப்படின்னு எல்லாம் யோசிக்கல." 3 வாரமாக, ராத்திரியில்தான் அதிகம். முன்பு முயன்றதில்லை. தம்பியை விட்டுப்போக மனசில்லை, பாட்டியிடம் எதையும் சொல்வாள், வியாழக்கிழமை திரும்ப வரவும் சம்மதித்தாள். இதெல்லாம் பலம்தான், ஆனால் தூக்கமே இல்லை, அடுத்த வாரம் பரீட்சை வேறு, அதனால் 'குறைவு' என்று எழுதக் கை வரவில்லை.

நடுத்தர அபாயம். அட்மிஷன் வேண்டாம். வியாழன் வரை தனியாக விடக்கூடாது, இரவில் பாட்டி பக்கத்தில் படுக்க வேண்டும், மாத்திரைகளை அம்மா பூட்டிவைப்பார். எண்ணம் கூடினால் உடனே கேஷுவாலிட்டி. நடுவில் பேச டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.