மழைக்கு முந்திய வீட்டுச் சோதனைப் பட்டியல்: பெகு வீடு, 2026

வீடு: மியன்மாரின் பெகு நகரில் 1998-இல் கட்டப்பட்ட இரண்டடுக்குச் செங்கல் வீடு. முன்பகுதிக்கு மேலே 24 அடிக்கு 18 அடி கான்கிரீட் மொட்டைமாடி. பின்பகுதிச் சமையல்கட்டுக்குத் தகரக் கூரை. கீழே குடித்தனக்காரர் இருக்கிறார்.

தண்ணீர்த் திருவிழா விடுமுறை முடிந்து கொத்தனார் வேலைக்குத் திரும்பிய மறுநாள் சோதனையைத் தொடங்கி, ஏப்ரல் 30-க்குள் எல்லாப் பழுதுகளையும் முடித்துவிட வேண்டும். பருவமழை மே நடுவில்தான் பிடிக்கும் என்றாலும், நர்கிஸ் புயல் 2008-இல் மே 2-ஆம் தேதியே கரையேறியதால் அந்த இரண்டு வார அவகாசத்தை நம்பக் கூடாது. மேலே தேங்கும் தண்ணீர்தான் கீழே சுவரைக் கெடுக்கிறது என்பதால் கூரையிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்து வரவேண்டும். மின்கம்பிகளை மட்டும் தண்ணீர் ஊற்றும் சோதனைகளுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

1. வெளிப்புற மின்கம்பிகள்

☐ மெயின் சுவிட்சை அணைத்து, அதன் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சோதிப்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போயிருக்கிற நேரம்தானே என்று எந்தக் கம்பியையும் தொடக் கூடாது. போன கரண்ட் சொல்லாமல் திரும்பி வரும். அது வராவிட்டாலும் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ தவறாக இணைக்கப்பட்டிருந்தால், இறந்த கம்பி என்று நாம் நினைப்பதில் 230 வோல்ட் இருக்கும். ஆகவே ஜெனரேட்டரின் மாற்றுச் சுவிட்ச் ஒரு நேரத்தில் ஒரு வழியை மட்டுமே இணைக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

☐ கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியைத் தரையில் நின்றபடி கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். படோக் மரக்கிளை அதில் உரசினால் நாமே அரிவாளுடன் ஏறாமல், மின்சார அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

☐ சுவருக்குள் நுழையுமிடத்தில் கம்பி சற்றே கீழே தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போக வேண்டும். அப்போதுதான் வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். நேராகச் சரிந்து உள்ளே போகும் கம்பி தண்ணீரைப் பெட்டிக்குள்ளேயே கொண்டுபோய் விடும்.

☐ கிணற்று மோட்டார் கம்பியில் டேப் சுற்றிய மூட்டு எதுவும் திறந்த வெளியில் இருக்கக் கூடாது. வெயிலில் டேப்பின் பசை காய்ந்துவிடும் என்பதால், மேலே இன்னொரு சுற்று சுற்றுவதைப் பழுதுபார்த்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூட்டே இல்லாத புதுக் கம்பி போட வேண்டும்.

☐ எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் வைத்து வெளிச்சுற்றுகளின் மின்காப்பை அளக்கச் சொல்ல வேண்டும். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்தச் சுற்றை இணைக்கக் கூடாது. 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் பிரேக்கரின் டெஸ்ட் பொத்தானைக் கரண்ட் வந்தபின் அழுத்தி, அது உடனே விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. தகரக் கால்வாயும் இறங்குகுழாயும்

☐ சமையல்கட்டு எறவாணத்தின் ஓரம் ஓடும் தகரக் கால்வாயில் இந்த மாதம் பெரும்பாலும் படோக் பூதான் கிடக்கும். உதிர்ந்தபோது மஞ்சள் கம்பளம்போல் அழகாகத்தான் இருக்கிறது. நனைந்து ஊறினால் குழாயின் வாயை அடைக்கும் கூழாகிவிடுகிறது. அதைக் கையால் அள்ளி வாளியில் போட வேண்டும். தண்ணீர் அடித்துக் குழாய்க்குள் தள்ளக் கூடாது.

☐ ஒரு முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 10 அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். தண்ணீர் நிற்கும் இடத்தில் கொக்கியைச் சரிசெய்ய வேண்டும்.

☐ துருப்பிடித்த தகர ஆணிகளையும், அவற்றின் அடியிலுள்ள ரப்பர் வாஷர்களையும் மாற்ற வேண்டும்.

3. மொட்டைமாடி

சென்ற ஜூனில் முன்அறைக் கூரை ஒழுகியபோது, வெடிப்பின் குற்றம் என்று நம்பி மூன்று இடத்தில் சிமென்ட் பூசினோம். உண்மையில் கைப்பிடிச் சுவரின் மூலையிலுள்ள வெளிவாயில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கி, இரண்டங்குலத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதனால் இந்த ஆண்டு வெளிவாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

☐ இரண்டு வெளிவாய்களிலும் கைவிட்டுத் துழாவி, சல்லடை உடைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

☐ தளத்தைப் பெருக்கி, ஈரத் துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். முழுதும் காய்வதற்குச் சற்று முன்பு, சுற்றிலும் வெளுத்து வெடிப்பின் கோடு மட்டும் கருப்பாகத் தெரியும். அந்த நேரத்தில் சாக்பீஸால் குறித்துக்கொண்டால், வெயிலில் கண்ணுக்கே அகப்படாத கோடுகளும் தெரியவரும்.

☐ 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு பென்சிலால் முனை குறித்துத் தேதி எழுதிய வெடிப்புகள் அந்தக் குறியைத் தாண்டி நீண்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். நீண்டிருந்தாலும், தூணும் உத்தரமும் சேருமிடத்தில் சாய்வாக ஓடினாலும், ஏடிஎம் அட்டை (ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் கனம்) உள்ளே நுழைந்தாலும் கொத்தனார் கை வைக்கக் கூடாது. கட்டடப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும்.

☐ மற்ற வெடிப்புகளை V வடிவில் வெட்டி, தூசியை ஊதி எடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை வெயிலில் விரிந்து சுருங்கும் இடமாதலால், அங்கே வெறும் சிமென்ட் நிற்காது; இழுபடும் சீலன்ட் தேவை.

☐ சாந்து இறுகியபின், பொறியாளர் பார்க்க வேண்டிய வெடிப்பு எதுவும் இல்லையென்றால் மட்டும், வெளிவாய்களைத் துணியால் அடைத்து ஒரங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்தி, கீழே கூரையில் ஈரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தளத்தில் ஒரங்குலத் தண்ணீரே ஏறத்தாழ ஒரு டன் எடை என்பதால், அதற்குமேல் ஏற்றக் கூடாது. அந்த 24 மணி நேரத்தில் இடிமழை வரும்போலிருந்தால் துணியை உடனே எடுத்துவிட வேண்டும்.

4. வடிகால்கள்

☐ மூடிக் கற்களைக் கையால் தூக்கக் கூடாது. கடப்பாரையால் நெம்பிக் கொஞ்சநேரம் விட்டபின் பார்க்க வேண்டும். கண்ணாடி விரியன் இந்தப் பக்கத்தில் உண்டு. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணிந்துதான் இறங்க வேண்டும்.

☐ வண்டலை அடிச்சிமென்ட் தெரியும்வரை வாரி, அன்றே அப்புறப்படுத்த வேண்டும். வடிகாலின் ஓரத்திலேயே குவித்தால் முதல் மழையில் எல்லாம் திரும்ப உள்ளே இறங்கிவிடும்.

☐ தெருவை உயர்த்தியபின் நம் வடிகாலின் வாய் தெருச் சாக்கடையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிய ரசமட்டக் குழாயால் அளக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் தெருத் தண்ணீர் உள்ளே வராதபடி வாயில் ஒருவழி மூடி வைக்க வேண்டும்.

☐ மழைநீர்க் குழாய் எதுவும் கழிவறைத் தொட்டிக்குள் விடப்பட்டிருக்கக் கூடாது.

☐ கொல்லையிலுள்ள பழைய தொட்டிகளையும் டயரையும் டெங்குக் கொசுவுக்கு இடமில்லாதபடி அகற்றுமாறு குடித்தனக்காரரிடம் தம்பி நேரில் சொல்ல வேண்டும்.

5. முதல் மழையன்று

☐ மழை நின்ற ஒரு மணி நேரத்துக்குள் டார்ச்சுடன் மாடிக்கு ஏறி, எங்கெங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். இடி முழங்கும்போது ஏறக் கூடாது.