பொருளியல் அறிமுகம்: பாடத்திட்டம், ஆகஸ்ட் – நவம்பர் 2026

சிங்கப்பூரில் தமிழ்மொழி இளங்கலைப் பட்டப்படிப்பில் பகுதிநேரமாகப் பயிலும் முதலாமாண்டு மாணவர்களுக்கான விருப்பப் பாடம் இது. வகுப்புகள் செவ்வாய்க்கிழமைதோறும் இரவு 7 மணி முதல் 10 மணி வரை நடைபெறும். முதல் இரண்டு மணி நேரம் விரிவுரைக்கும் கடைசி ஒரு மணி நேரம் பயிற்சிக்கும் உரியவை. பொருளியலை முன்பே படித்திருக்க வேண்டியதில்லை. வரைபடத்தை வாசிக்கவும் விழுக்காடு கணக்கிடவும் தெரிந்தால் போதும்.

நோக்கம்

உங்களில் பலர் ஆசிரியர்களாகவோ செய்தியாளர்களாகவோ மொழிபெயர்ப்பாளர்களாகவோ பணிபுரிகிறீர்கள். அன்றாடத் தமிழில் நாம் தயக்கமின்றிப் புழங்கும் தேவை, செலவு, லாபம், பணவீக்கம் ஆகிய சொற்களுக்குப் பொருளியலில் வரையறுத்த பொருள் உண்டு. அந்த வேறுபாட்டை உணராதவர், பணவீக்கம் குறைந்தது என்ற அறிக்கையை, விலைகள் இறங்கின என்று மாற்றி எழுதிவிடுவார். உண்மையில் விலைகள் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஏறும் வேகம் மட்டுமே தணிந்திருக்கும். இத்தகைய பிழை நேராதபடி சிந்திக்கவும் எழுதவும் உங்களைப் பழக்குவதே இப்பாடத்தின் முதன்மை நோக்கம்.

பாடநூல்

கிரிகரி மேன்கியூ எழுதிய 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் எக்கனாமிக்ஸ்' பாடநூலாகும். கீழே குறித்துள்ள அத்தியாய எண்கள் அதன் 8ஆம் பதிப்பைச் சார்ந்தவை. புதிய பதிப்பை விலை கொடுத்து வாங்க வேண்டாம். நூலகப் படிகளே போதும், வேறு பதிப்பை வைத்திருப்போர் அத்தியாயத் தலைப்பைக் கொண்டு பொருத்திக்கொள்ளலாம். நூல் ஆங்கிலத்தில் இருப்பதால், ஒவ்வொரு வாரத்திற்குமான தமிழ்க் கலைச்சொற்பட்டியல் முந்தைய வெள்ளிக்கிழமையே பாட இணையத்தளத்தில் பதிவேற்றப்படும்.

வாராந்தரப் பாடங்கள்

*வாரம் 1, ஆகஸ்ட் 11.* பற்றாக்குறையும் வாய்ப்புச் செலவும். அத்தியாயங்கள் 1, 2. இந்த வகுப்புக்கு வருவதற்காக நீங்கள் கைவிடும் மூன்று மணி நேர வருமானமோ பிள்ளைகளுடன் கழிக்கும் மாலைப்பொழுதோ எந்தக் கட்டண ரசீதிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அதுவும் செலவே என்பதிலிருந்து தொடங்குவோம்.

*வாரம் 2, ஆகஸ்ட் 18.* ஒப்பீட்டு அனுகூலமும் வணிகமும். அத்தியாயம் 3, ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலின் முதற்புத்தகம், முதல் அத்தியாயம், டேவிட் ரிக்கார்டோவின் 1817ஆம் ஆண்டு நூலில் வெளிநாட்டு வணிகம் பற்றிய அத்தியாயத்திலிருந்து சில பக்கங்கள். ரிக்கார்டோவின் கணக்கில், குறிப்பிட்ட அளவு துணியை ஓராண்டில் நெய்ய இங்கிலாந்தில் 100 பேரும் போர்ச்சுகலில் 90 பேரும் தேவை. அதற்கு மாற்றாகும் அளவு மதுவை உற்பத்தி செய்ய முறையே 120 பேரும் 80 பேரும் தேவை. இரண்டையும் குறைந்த உழைப்பில் செய்யவல்ல போர்ச்சுகல் ஏன் துணியை இறக்குமதி செய்ய வேண்டும் என்பதை வகுப்பிற்கு வருமுன் தாளில் கணக்கிட்டுப் பாருங்கள்.

*வாரம் 3, 4, ஆகஸ்ட் 25, செப்டம்பர் 1.* தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி. அத்தியாயங்கள் 4, 5. பாடத்தின் முதுகெலும்பு இந்த இரண்டு வாரங்கள்தான். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் பின்னர் ஈடுகட்டுவது கடினம். அன்றாடப் பேச்சில் தேவை என்பது இன்றியமையாததைக் குறிக்கும். பொருளியலிலோ, குறிப்பிட்ட விலையில் வாங்க விரும்பி, வாங்கும் திறனும் உடையவர் வாங்க முன்வரும் அளவையே அது குறிக்கும். மருந்து இன்றியமையாத ஏழை நோயாளியிடம் காசு இல்லையெனில் சந்தையின் தேவைக்கோட்டில் அவருக்கு இடமில்லை. இது வருத்தத்திற்குரிய உண்மை. சந்தை எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதைத் தெளிவாகக் காட்டுவதும் இதுவே. முதன்மை எடுத்துக்காட்டு, சிங்கப்பூரில் புதிய வாகனம் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய, 1990இல் அறிமுகமான வாகன உரிமைச் சான்றிதழ். ஒவ்வோர் ஏலத்திலும் சான்றிதழ்களின் எண்ணிக்கை முன்கூட்டியே முடிவு செய்யப்படுவதால் அளிப்புக்கோடு செங்குத்தாக நிற்கும். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் தேவையின் அசைவே.

*வாரம் 5, செப்டம்பர் 8.* வரிகளும் விலைக் கட்டுப்பாடுகளும். அத்தியாயங்கள் 6 முதல் 8 வரை. 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கிய பொருள், சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடாக உள்ளது. வரியைச் செலுத்துபவர் ஒருவராகவும் அதன் சுமையைத் தாங்குபவர் வேறொருவராகவும் இருக்கக்கூடும் என்பதை நெகிழ்ச்சியைக் கொண்டு விளக்குவோம்.

*வாரம் 6, செப்டம்பர் 15.* புறவிளைவுகளும் பொதுப் பொருள்களும். அத்தியாயங்கள் 10, 11. நகர மையத்திற்குள் நுழையும் வாகனங்களுக்கு 1975இல் தொடங்கிய வட்டார உரிமத் திட்டம், அதன் இடத்தில் 1998இல் வந்த மின்னியல் சாலைக் கட்டணம், 2019இல் நடப்புக்கு வந்த கரிம வரி, பேரங்காடிகளில் 2023 முதல் பிளாஸ்டிக் பைக்கு வசூலிக்கப்படும் குறைந்தது 5 காசு ஆகிய நான்கையும் ஒப்பிடுவோம்.

செப்டம்பர் 22 இடைவிடுமுறை.

*வாரம் 7, செப்டம்பர் 29.* இடைத்தேர்வு.

*வாரம் 8, அக்டோபர் 6.* உற்பத்திச் செலவு, போட்டி, முற்றுரிமை. அத்தியாயங்கள் 13 முதல் 15 வரை. இவற்றுக்கு ஒரே வாரம் ஒதுக்கியிருப்பது குறைவுதான். எனவே உணவங்காடிக் கடை ஒன்றின் வாடகை, பரோட்டா மாவு, உதவியாளர் சம்பளம் ஆகியவற்றை நிலையான செலவு, மாறும் செலவு எனப் பிரிப்பதிலும், முற்றுரிமையாளர் ஏன் குறைவாக விற்கிறார் என்பதிலும் மட்டும் கவனம் செலுத்துவோம்.

*வாரம் 9, அக்டோபர் 13.* உழைப்புச் சந்தையும் வருமான ஏற்றத்தாழ்வும். அத்தியாயங்கள் 18, 20. துப்புரவுத் துறையில் 2014இல் கட்டாயமான படிப்படியாக உயரும் சம்பள முறையை, நாடு முழுமைக்கும் ஒரே குறைந்தபட்சச் சம்பளம் என்ற யோசனையுடன் வைத்து வாதிடுவோம்.

*வாரம் 10, அக்டோபர் 20.* மொத்த உள்நாட்டு உற்பத்தியும் பயனீட்டாளர் விலைக் குறியீடும். அத்தியாயங்கள் 23, 24. புள்ளிவிவரத் துறையின் அண்மைய மாத விலைக் குறியீட்டு அறிக்கை.

*வாரம் 11, அக்டோபர் 27.* வளர்ச்சி, வேலையின்மை, மந்தநிலை. அத்தியாயங்கள் 25, 28. 1985ஆம் ஆண்டு மந்தநிலையைத் தொடர்ந்து, முதலாளிகளின் மத்திய சேம நிதிச் சந்தா 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதன் காரணமும் விளைவும் ஆராயப்படும்.

*வாரம் 12, நவம்பர் 3.* பணமும் நாணய மாற்று விகிதமும். அத்தியாயங்கள் 29, 31. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் அண்மைய நாணயக் கொள்கை அறிக்கை. பாடநூல் பெரும்பாலும் வட்டி விகிதத்தைப் பற்றியே பேசுகிறது. சிங்கப்பூரோ 1981 முதல் தன் நாணயமான வெள்ளியின் மாற்று விகிதத்தை மையமாகக் கொண்டு கொள்கை வகுக்கிறது. அரிசி முதல் எரிபொருள் வரை இறக்குமதி செய்யும் நாட்டில் வெள்ளி வலுவடைந்தால் வீட்டுச் செலவு என்னாகும், ஏற்றுமதியாளர் நிலை என்னாகும் என்ற இரண்டு கேள்விகளுடன் வாருங்கள்.

*வாரம் 13, நவம்பர் 10.* மீள்பார்வை. தீபாவளிக்கு அடுத்து வரும் வகுப்பாதலால் புதிய பாடம் எதுவும் நடத்தப்படாது.

மதிப்பீடு

பயிற்சி நேரப் பங்கேற்புக்கு 10 விழுக்காடு, விலைக் குறிப்பேட்டுக்கு 25 விழுக்காடு, முதல் ஆறு வாரப் பாடங்களை உள்ளடக்கிய 90 நிமிட இடைத்தேர்வுக்கு 20 விழுக்காடு, நவம்பர் 24 அன்று நடைபெறும் இரண்டு மணி நேர இறுதித்தேர்வுக்கு 45 விழுக்காடு வழங்கப்படும்.

விலைக் குறிப்பேடு இப்பாடத்தில் நான் பெரிதும் மதிக்கும் பணி. நீங்கள் வழக்கமாக வாங்கும் நான்கு பொருள்களை, ஒரே கடையில், ஒரே அளவில், வாரம் 2 முதல் வாரம் 11 வரை வாரம் ஒருமுறை கவனித்து விலையைக் குறிக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் தேக்கா சந்தையிலோ உங்கள் வட்டார ஈரச்சந்தையிலோ விற்கும் பொருளாக இருக்கட்டும். நவம்பர் 3 அன்று, பத்து வார அட்டவணையுடன் 1,500 சொற்களில் தமிழ்க் கட்டுரை ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். விலை ஏன் மாறியது என்று கூறும்போது, தேவை மாறியதா, அளிப்பு மாறியதா, அதற்கு உங்களிடம் உள்ள சான்று என்ன என்பதைத் தனித்தனியே காட்டுங்கள். பத்து வாரமும் மாறாத விலையும் விளக்கத்திற்குரியதே. மல்லிகைப்பூ தீபாவளிக்கு முன் விலை ஏறும்போது அருகில் தேநீர் விலை ஏன் அசையவில்லை என்று கேட்பவருக்கு மதிப்பெண் கூடுதலாகவே கிடைக்கும்.

தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பேட்டுக்குரிய 100 மதிப்பெண்ணில் 5 கழிக்கப்படும். வேலை நேர மாற்றத்தாலோ மருத்துவக் காரணத்தாலோ காலக்கெடுவைக் கடைப்பிடிக்க இயலாதவர்கள், மூன்று நாள் முன்னதாக எழுத்துவழி தெரிவித்தால் ஒரு வார நீட்டிப்பு வழங்கப்படும். தனிப்பட்ட ஐயங்களுக்கு, செவ்வாய்க்கிழமைகளில் மாலை 6 மணி முதல் 6.45 வரை வகுப்பறையிலேயே என்னைச் சந்திக்கலாம்.